புதுத் தொட்டியில் மீன் சாகிறதா? எத்தனையாவது நாள், எப்படிச் செத்தது என்று பாருங்கள்

புதுத் தொட்டியில் ஒரு மீன் செத்தால் நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். இருக்கிற மீனை பக்கெட்டில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் பில்டர் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது. அடுத்த வாரம் மறுபடி இரண்டு மீன் சாகும். கடைக்காரர் நீல மருந்தைக் கொடுப்பார். அதுவும் பலிக்காமல், "நம்ம வீட்டுக்கு மீன் ஆகாது" என்று தொட்டி பரணுக்குப் போய்விடும்.

மருந்து ஊற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மீன் விட்டு எத்தனை நாள் ஆகிறது? மீன்கள் எல்லாம் ஒரே மூச்சில் செத்தனவா, ஒவ்வொன்றாகச் செத்தனவா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். மீதிப் பாதிக்கு அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வேண்டும். தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது, மீனைக் கொல்லும் அளவில் மணமும் கிடையாது.

விட்ட சில மணி நேரத்திலேயே எல்லாம் செத்தால்

மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவதுதான் நைட்ரஜன் சுழற்சி. இந்தச் சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மோனியா சேர்வதற்கே நாள் பிடிக்கும். காலையில் விட்டு மாலைக்குள் மொத்தமும் போனால், ஊற்றிய தண்ணீரில்தான் கோளாறு.

சேலம் மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர் என்றால் முதல் சந்தேகம் குளோரின் மேல். பிளீச்சிங் வாடை மூக்கில் அடிக்கிற நாளில் அதை அப்படியே தொட்டிக்கு ஊற்றினால் மீனின் செவுள் வெந்துபோகும். வாய் அகன்ற டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் குழாயைப் போட்டு ஒரு நாள் முழுக்கக் குமிழ் விட்டால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் படிகம். 50 லிட்டர் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருந்தால் அரை கிராம் போதும். வாடை பலமாக இருந்தால் ஒரு கிராம் போடலாம்.

போர் தண்ணீர் என்றால் கதை வேறு. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருக்கும். மோட்டார் போட்டுப் பிடித்த கையோடு மீனை விட்டால் மூச்சு முட்டும். இதற்கும் மருந்து அதே டிரம்மும் ஓர் இரவு காற்றும்தான்.

மூன்றாம் நாளிலிருந்து இரண்டாம் வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் செத்தால்

புதுத் தொட்டிச் சாவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மீன் முதலில் சாப்பாட்டை விடும். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கும், அல்லது மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் வழக்கத்தைவிடச் சிவந்து, ரத்தம் கட்டினாற்போல் இருக்கும். சில மீன்கள் திடீரென்று துள்ளிப் பாய்ந்து கண்ணாடியில் மோதும்.

மேலே வந்து வாய் திறப்பதை "காற்று போதவில்லை" என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதைச் சோதிப்பது சுலபம். ஏர் பம்பை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மீன்கள் கீழே இறங்கிவிட்டால் காற்றுப் பிரச்சினை. குமிழ் பொங்கிக்கொண்டிருக்கும்போதும் மேலேயே தவித்தால் அது அம்மோனியாவோ நைட்ரைட்டோதான். இந்தச் சோதனையில் பைட்டரையும் கௌராமியையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை இயல்பாகவே மேலே வந்து வெளிக்காற்றைக் குடிப்பவை.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது? மீன் தின்னும் தீனியில் உள்ள புரதத்தின் நைட்ரஜனில் பெரும்பங்கு செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. சாப்பிடாமல் கல்லுக்குள் விழுந்த தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். 35 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராம் போட்டால் சுமார் 35 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேல் இடைவெளியும் போக நிஜத்தில் இருப்பது 45 லிட்டர். ஆக ஒரு கிராம் தீனியால் ஒரே நாளில் லிட்டருக்கு முக்கால் மில்லிகிராமுக்கு மேல் ஏறுகிறது. கிட்டில் இதைத்தான் பிபிஎம் என்று போட்டிருப்பார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், ஒரு பிபிஎம்.

ஆறிலும் ஏரியிலும் இது சேர்வதில்லை. தண்ணீரின் அளவு பெரிது என்பது ஒரு காரணம். அங்கே கல்லிலும் சேற்றிலும் செடியின் தண்டிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன என்பது இன்னொரு காரணம். நைட்ரோசோமோனாஸ் வகைகள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோஸ்பைரா வகைகள் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். கடைசியில் வரும் நைட்ரேட்டை மீன் நன்றாகவே தாங்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் நிற்கும்.

இந்தப் பாக்டீரியாக்கள் மிதப்பதில்லை, ஒட்டி வாழ்பவை. தொட்டியில் அவற்றின் குடியிருப்பு பில்டர் பஞ்சும் கல்லும்தான். பெருகுவதும் நிதானமாகத்தான். சாதாரண அழுகல் பாக்டீரியா சாதகமான நிலையில் அரை மணிக்குள் இரட்டிக்கும். இவை இரட்டிக்க அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை ஆகும், குளிரில் இன்னும் கூட. புதுத் தொட்டியில் பில்டர் ஓடும், குமிழ் வரும், பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். அம்மோனியாவைத் தின்ன மட்டும் அங்கே ஆள் இருக்காது. முழுப்படை சேர நம் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் சாவது அந்த இடைவெளியில்தான்.

நம் தண்ணீரில் ஏன் சீக்கிரம் சாகிறது

சேலத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் நல்ல கடினம். சேர்வராயன் அடிவாரத்து மேக்னசைட் சுரங்கப் பக்கம் கேட்கவே வேண்டாம், கெட்டில் அடியில் வெள்ளைப் படலம் சீக்கிரமே பிடிக்கும். கடினத் தண்ணீர் மீனுக்குக் கெடுதல் என்று சொல்லவில்லை. மோலி, கப்பி எல்லாம் அதில் கொழுத்து வளரும். சிக்கல் பிஎச்சில் இருக்கிறது.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று வாயு வடிவம், செவுளைத் தாண்டி நேரே ரத்தத்துக்குப் போவது. இன்னொன்று அம்மோனியம் அயனி, அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. எது எவ்வளவு என்பதை பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும்போது பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் வாயு வடிவம் ஒரு சதவீதம்கூட இல்லை. பிஎச் 8 ஆனால் ஆறு சதவீதத்துக்கு மேல். 8.2 ஆனால் பத்து சதவீதத்தைத் தொடும்.

கிட் காட்டுவது இரண்டும் சேர்ந்த மொத்தத்தை. 4 பிபிஎம் என்று காட்டினால் பிஎச் 7-இல் நிஜ விஷம் 0.03 பிபிஎம் அளவுதான், மீன் சமாளித்துவிடலாம். அதே 4 பிபிஎம் 8.2-இல் 0.4 பிபிஎம் விஷம். 0.05-ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். அதனால்தான் வேறு ஊர் நண்பர் "எனக்கு 4 இருந்தும் ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வதை நம் தொட்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

போர் தண்ணீரில் இன்னொரு ஏமாற்று உண்டு. குழாயடியில் அளந்தால் பிஎச் 7.2 காட்டும். டிரம்மில் ஓர் இரவு காற்று விட்டு அளந்தால் 8.2 காட்டும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் ஏறுகிற ஏற்றம் அது. எனவே பிஎச்சை எப்போதும் காற்று விட்ட தண்ணீரில்தான் அளக்க வேண்டும்.

ஒரு தொட்டியைப் பார்ப்போம்

அம்மாப்பேட்டையில் ஒரு வீடு. பையன் பிறந்தநாளுக்கு வாங்கிய இரண்டு அடித் தொட்டி. உள்ளே தொங்கும் பில்டர், ஏர் ஸ்டோன், கலர் கல், ஆறு கோல்டுபிஷ். ஞாயிறு காலை தொட்டி, மாலை மீன். வியாழன் ஒன்று செத்தது. அன்று இரவே முழுக்கக் கழுவி போர் தண்ணீர் நிரப்பினார்கள். அடுத்த செவ்வாய் இரண்டு செத்தன. நான் போனது அன்று மாலை.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. டெய்லி மூணு வேளை சாப்பாடு வேற போடறோம்" என்றார் பையனின் அப்பா.

"ஒரு வேளைக்கு எவ்வளவுங்க போடுவீங்க?"

பையன் கிள்ளிக் காட்டினான். நல்ல கனமான கிள்ளு, மூன்று வேளைக்கு ஒரு கிராம் வரும். கோல்டுபிஷ் எவ்வளவு போட்டாலும் தின்னும். தின்றதற்குத் தக்க அம்மோனியாவும் விடும். ஆரம்பக்காரர்களுக்கு முதலில் விற்கப்படுவதும் அதுதான் என்பது எனக்கு எப்போதும் உள்ள குறை.

கிட்டில் வந்த அளவு: அம்மோனியா 4, நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 8.2. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு முக்கால் பிபிஎம், கழுவிய பிறகு ஐந்து நாள். அம்மோனியா ஏறியபடியே ஏறியிருக்கிறது, ஒரு துளிகூடத் தின்னப்படவில்லை. மீன் விட்டு ஒன்பது நாள் ஆகியும் நைட்ரைட் பூஜ்யம் என்பதுதான் இங்கே முக்கியமான தடயம். முதல் நான்கு நாளில் பஞ்சில் கொஞ்சமாவது ஒட்டத் தொடங்கியிருந்த பாக்டீரியாவும் வியாழன் இரவு குழாயடியில் போய்விட்டது. கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடியிருக்கிறது.

செய்தது இவ்வளவுதான். டிரம்மில் ஏற்கெனவே காற்று விட்டு வைத்திருந்த தண்ணீரால் அன்று இரவு பாதித் தண்ணீரை மாற்றினோம், 4 இரண்டானது. மறுநாள் காலை இன்னொரு பாதி, ஒன்றானது. ஒரே தடவையில் முழுவதையும் மாற்றினால் வெப்பமும் பிஎச்சும் ஒன்றாகக் குதித்து, ஏற்கெனவே வாடிய மீனுக்கு அதுவே அடியாக முடியும். கல்லையும் பஞ்சையும் தொடவில்லை. இரண்டு நாள் தீனி நிறுத்தம். கோல்டுபிஷ் இரண்டு நாள் பட்டினியில் ஒன்றும் ஆகாது. அதன் பிறகு நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. இரண்டு நாளுக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், மாற்றுவதற்கு முன் அம்மோனியா அளவு. நீல மருந்துப் பாட்டிலை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னேன். அதில் இருப்பது மெத்திலீன் புளூ. அது இந்த பாக்டீரியாக்களையும் சேர்த்தே கெடுக்கும். அம்மோனியாவால் வாடும் மீனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வேகத்தைக் கூட்டியது இன்னொன்று. அவருடைய மச்சான் வீட்டில் ஒரு வருடமாக ஓடும் தொட்டி இருந்தது, மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை. அந்த பில்டரின் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கவரில் போட்டு, காயாமல் சூடேறாமல் கொண்டுவந்து இவர் பில்டருக்குள் புதுப் பஞ்சோடு வைத்தோம். கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. வெயிலில் எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய தொட்டியின் அழுக்குப் பஞ்சு கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மோனியா கால் பிபிஎம்முக்கு இறங்கியிருந்தது. நைட்ரைட் 1 காட்டியது.

அம்மோனியா இறங்கிய பிறகும் மீன் மேலே தவித்தால்

இந்தக் கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அம்மோனியா இறங்கியதும் தொட்டி சரியாகிவிட்டது என்று புதிதாக நான்கு மீன் வாங்கி விடுவார்கள். உண்மையில் முதல் படை வேலையைத் தொடங்கிவிட்டது, இரண்டாவது படை இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் நைட்ரைட் குவியும். புதுத் தொட்டியில் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் இது உச்சத்துக்குப் போகும்.

நைட்ரைட் ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினை மாற்றிவிடும். மாறிய ரத்தம் ஆக்சிஜனைத் தூக்காது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் பழுப்பாக இருக்கும். அம்மோனியாவுக்குச் சிவந்த செவுள், நைட்ரைட்டுக்குப் பழுப்புச் செவுள். செத்த மீனைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் பார்க்கலாம், ஆனால் உடனே பார்க்க வேண்டும். சில மணி நேரம் கிடந்த மீனின் செவுள் எப்படியும் வெளுத்துவிடும். இங்கே ஏர் பம்பைக் கூட்டினாலும் பெரிய பயன் இருக்காது. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது, தூக்கிச் செல்ல ரத்தத்துக்கு முடியவில்லை.

இதற்கு உடனடி மாற்று அடுப்படியிலேயே இருக்கிறது. கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசல் வழியாக நுழைபவை. தண்ணீரில் குளோரைடு கூட்டமாக இருந்தால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம் போதும். அந்த அம்மாப்பேட்டைத் தொட்டிக்கு நான்கரை டீஸ்பூன் ஆனது. மக்கில் கரைத்து, அரை மணி இடைவெளியில் மூன்று தடவையாக ஊற்றினோம். உப்பு ஆவியாகாது. எனவே தண்ணீர் வற்றி மேலே நிரப்பும்போது உப்பு சேர்க்கத் தேவையில்லை. வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும் எடுத்த அளவுக்குரிய உப்பைச் சேர்க்க வேண்டும்.

உப்பு நைட்ரைட்டை நீக்குவதில்லை, மீனுக்குள் போகாமல் தடுக்கிறது, அவ்வளவே. தண்ணீர் மாற்றத்தை விட்டுவிட முடியாது. அந்த வீட்டில் நைட்ரைட் 2 வரை ஏறி, மூன்றாம் வாரக் கடைசியில் பூஜ்யத்துக்கு வந்தது. நைட்ரேட் 20-க்கும் 40-க்கும் நடுவில் நின்றது. மீதி மூன்று மீனும் பிழைத்தன. நியாயமாகப் பார்த்தால் இரண்டு அடித் தொட்டிக்கு அந்த மூன்றுமே வளர்ந்தால் அதிகம். அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

தண்ணீர் பால் போல வெளுத்தால்

தொட்டி வைத்த முதல் வாரத்தில் இது வரும், மீன் சாகாமலும் வரும். மிச்சத் தீனியைத் தின்று வேகமாகப் பெருகும் அழுகல் பாக்டீரியாக்களின் கூட்டம் அது, நாம் எதிர்பார்க்கும் பாக்டீரியா இல்லை. அவை ஆக்சிஜனைக் குடிப்பவை. எனவே ஏர் பம்பைக் கூட்டி, தீனியைக் குறைத்து, கைவைக்காமல் விட்டால் சில நாளில் தானாகத் தெளியும். கல்லை அலசியவுடன் வரும் வெண்மை கல் தூசி. அது ஓரிரு மணியில் படிந்துவிடும்.

வாரக்கணக்கில் ஆகியும் அம்மோனியா இறங்காவிட்டால்

ஏற்காட்டில் தொட்டி வைப்பவர்களுக்கும், கீழே நகரத்தில் "மீனுக்கும் நல்ல தண்ணி கொடுப்போம்" என்று ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுபவர்களுக்கும் ஒரே நோய் வரும். ஐந்து வாரம், ஆறு வாரம் ஆனாலும் அம்மோனியா 2, 3 என்றே நிற்கும்.

காரணம் காரத்தன்மைக் குறைவு. பிஎச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கரைந்த பைகார்பனேட்டின் கையிருப்பைத்தான் காரத்தன்மை என்கிறோம். பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு மில்லிகிராம் காரத்தன்மையைக் கரைக்கிறது. சேலத்துப் போர் தண்ணீரில் அது நிறைய இருப்பதால் கவலையில்லை. மலைமேல் ஊற்றுத் தண்ணீரிலும் ஆர்ஓவிலும் கையிருப்பு மிகச் சொற்பம். நாளுக்கு ஒரு கிராம் தீனி போடும் 45 லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 20 மில்லிகிராம் காரத்தன்மை ஒரு வாரம் தாங்காது. அது தீர்ந்ததும் பிஎச் சரியும். 6.5-க்குக் கீழே போனால் பாக்டீரியா மந்தமாகும், 6-க்கு அருகில் வேலை ஏறக்குறைய நின்றே போகும். ஏற்காட்டில் மார்கழிக் குளிர் இதோடு சேர்ந்துகொள்ளும். ஹீட்டர் இல்லாத தொட்டி 17, 18 டிகிரிக்கு இறங்கினால் பாக்டீரியாவின் வேகம் கணிசமாகக் குறையும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிஎச் குறைவாக இருக்கும்வரை அம்மோனியா பெரும்பாலும் அயனி வடிவில் இருப்பதால் மீன் சாகாது. உரிமையாளர் பயந்து பிஎச் 8 உள்ள தண்ணீரால் பாதியை மாற்றுவார். பிஎச் ஏறிய அந்த நிமிடமே இருந்த அம்மோனியா விஷ வடிவுக்கு மாறி, நேற்றுவரை நீந்திய மீன் இன்று மாலைக்குள் போகும். "தண்ணீர் மாற்றினேன், செத்துப்போச்சு" என்பதன் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

எனவே வரிசை முக்கியம். முதலில் தொட்டியில் இருக்கும் அதே வகைத் தண்ணீரால் தினம் கால் பங்கு மாற்றி அம்மோனியாவை அரை பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிறகுதான் காரத்தன்மையைக் கூட்ட வேண்டும். 50 லிட்டருக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, இரண்டு நாளில் பிரித்து ஊற்றலாம். நிரந்தர ஏற்பாட்டுக்கு பில்டருக்குள் ஒரு பிடி கிளிஞ்சல் போட்டு வைத்தால் அது மெல்லக் கரைந்து ஈடுகட்டும். ஆர்ஓ ஊற்றுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு காற்று விட்ட போர் தண்ணீர் கலந்தாலே போதும்.

மாதக்கணக்கில் நன்றாக இருந்த தொட்டி ஒரே நாளில் கெட்டால்

முன்தினம் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். பில்டர் பஞ்சை மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் கசக்கிப் பிழிந்திருந்தால், குளோரின் பட்டுக் குடியிருப்பே காலி. தொட்டி மறுபடி முதல் வாரத்துக்குப் போய்விட்டது, சிகிச்சையும் மேலே சொன்ன அம்மோனியா சிகிச்சையேதான். பஞ்சை அலசுவது தவறில்லை. தண்ணீர் மாற்றும்போது பக்கெட்டில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு மூன்று தடவை மெதுவாக அமுக்கி எடுங்கள், பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும். புதுப் பஞ்சு மாற்ற வேண்டுமென்றால் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டுப் பிறகு பழையதை எடுங்கள்.

இன்னொரு காரணம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை போகும் கரண்ட். பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். தொட்டிக்குள் திறந்து கிடக்கும் பஞ்சு எட்டு மணி நேரத்தை ஓரளவு சமாளித்துவிடும். வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் பில்டருக்குள் தண்ணீர் நின்றதும் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து, உள்ளே அழுகத் தொடங்கும். கரண்ட் வந்தவுடன் அது அந்த அழுகல் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் தள்ளும். எனவே நீண்ட கட் முடிந்தால் பிளக்கைப் போடுவதற்கு முன் கேனிஸ்டரைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வரும், அதுவே அடையாளம். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அன்றைக்குத் தீனி போட வேண்டாம்.

மீன் வாங்குவதற்கு முன்பே சுழற்சியை முடிக்க

தொட்டி மட்டும் வாங்கி, மீன் இன்னும் வாங்காதவர்களுக்கு இது. ஆய்வகத் தரத்தில் அம்மோனியம் குளோரைடு வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் அதில் என்ன கலப்பு இருக்கும் என்று சொல்ல முடியாததால் தொட்டிக்கு வேண்டாம். மூன்று கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். 50 லிட்டருக்கு அதில் பத்து மில்லியை சிரிஞ்சில் எடுத்து ஊற்றினால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் ஆகும். பில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு தடவை அளங்கள். அம்மோனியா பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் மறுபடி பத்து மில்லி. நடுவில் நைட்ரைட் ஏறும், பிறகு இறங்கும். நைட்ரைட் கிட்டின் கடைசி நிறத்தையும் தாண்டிப் போனால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

இன்று மாலை பத்து மில்லி ஊற்றி, நாளை மாலை அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் பில்டர் தயார். நைட்ரேட் குவிந்திருக்கும், எனவே முக்கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு அடுத்த நாளே மீன் விடலாம். அந்த ஒரு நாளுக்கு மேல் தள்ளிப்போடுவதாக இருந்தால் பத்து மில்லி ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். தின்ன ஒன்றுமில்லாமல் போனால் பாக்டீரியா மெல்ல மெல்லக் குறையும்.